எஞ்சினுக்காக ஒரு பயணம்

வணக்கம். என் மகனுக்கு எட்டு வயது. இரண்டு வருடமாக ரயிலைத் தவிர வேறு பேச்சே இல்லை, அதிலும் நீராவி எஞ்சின் என்றால் சாப்பாடே வேண்டாம். மே மாதம் ஊட்டி போகலாம் என்று இருக்கிறோம், மலை ரயிலிலும் ஏற்றிவிடலாம் என்பது வீட்டுக்காரரின் யோசனை. பையனுக்குப் பெரிய சத்தம் ஆகாது, காதைப் பொத்திக்கொள்வான். பதினோரு வயது மகளுக்கு ரயிலில் துளியும் ஆர்வம் இல்லை. எப்படித் திட்டமிடலாம்?
ஒரு வாசகி, மதுரை

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அவனிடம் ஒன்று கேளுங்கள். ரயிலில் அவனுக்குப் பிடித்தது எது? ஜன்னல் வழியாகப் பார்ப்பதா, பாலமும் சுரங்கமுமா, அல்லது எஞ்சினா? நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் எஞ்சின்தான். அப்படியானால் ஊட்டி போகிற எல்லாரும் போடுகிற திட்டம் உங்களுக்குச் சரிப்படாது. இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். என் மகளுக்கு ஏழு வயதில் இதே பித்து. நல்ல இடமாக இருக்கட்டும் என்று முதல் வகுப்பில் டிக்கெட் எடுத்தேன். ஏறி உட்கார்ந்ததும் முன்கண்ணாடி வழியாகத் தண்டவாளம் மட்டும் தெரிய, "எஞ்சின் எங்கே?" என்று கேட்டவள் கல்லாறு வரைக்கும் அழுதுகொண்டே வந்தாள்.

மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும்போது எஞ்சின் பின்னாலிருந்து தள்ளும். இணைப்பு அறுந்தால்கூடப் பெட்டிகள் சரிவில் உருண்டுவிடக் கூடாது என்பதற்காக எஞ்சின் எப்போதும் பள்ளத்துப் பக்கம்தான் நிற்கும். முதல் வகுப்புப் பெட்டியோ மேட்டுப் பக்கக் கடைசியில், அதாவது எஞ்சினுக்கு நேர் எதிர் முனையில். காட்சி பார்க்கிறவர்களுக்கு அது அருமையான இடம், உங்கள் பையனுக்கு அல்ல. இரண்டாம் வகுப்பில் போட்டு, எஞ்சினை ஒட்டிய பெட்டி கிடைத்தால் பாக்கியம், கிடைக்காவிட்டாலும் தண்ணீர் பிடிக்க நிற்கிற நிலையங்களில் இறங்கி ஓடிப்போய்ப் பார்த்துவிடலாம். ஹில்குரோவில் கொஞ்ச நேரம் நிற்பார்கள், அங்கே குரங்குகள் அதிகம், கையில் தின்பண்டம் இல்லாமல் இறங்குங்கள்.

ரயில் காலை 7:10க்குக் கிளம்புகிறது (போகும் முன் ஒருமுறை நேரத்தைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்). மதுரையிலிருந்து இரவுப் பயணமாக வந்து அப்படியே ஏறலாம் என்று நினைக்காதீர்கள். முந்தின நாள் சாயங்காலமே மேட்டுப்பாளையம் வந்து தங்கிவிட்டு, காலை ஆறு மணிக்கு நிலையத்தில் இருங்கள். நடைமேடையில் நின்று எஞ்சினைக் கிட்டத்தில் பார்க்கிற அந்த ஒரு மணி நேரம் அவனுக்குப் பயணத்தைவிடப் பெரிது.

அங்கே அவனுக்கு ஒன்றைக் காட்டுங்கள். எஞ்சினின் ஒவ்வொரு பக்கமும் இரண்டு சிலிண்டர்கள், ஒன்றின் மேல் ஒன்றாக இருக்கும். மேட்டுப்பாளையத்திலிருந்து கல்லாறு வரை சமதளம், அதனால் கீழ்ச் சிலிண்டர் மட்டும் சக்கரங்களை ஓட்டும், மேலே உள்ள தண்டுகள் சும்மா இருக்கும். கல்லாறு தாண்டியதும் இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே பற்சட்டம் தொடங்குகிறது. அங்கே ரயில் ஊர்ந்துபோய், எஞ்சினின் பல்சக்கரம் அதில் பொருந்தியதும் மேல் சிலிண்டருக்கும் நீராவி போகும், அந்தத் தண்டுகளும் ஆடத் தொடங்கும். கீழ்ச் சிலிண்டரில் வேலை செய்து முடித்த அதே நீராவிதான் மேலே போய் இரண்டாவது முறை உழைக்கிறது. இங்கே சரிவு சுமார் 12 அடிக்கு 1 அடி, வெறும் சக்கரம் வழுக்கிவிடும், அதனால்தான் பல். எஞ்சின் பித்துள்ள குழந்தைக்கு இதைவிடப் பெரிய விருந்து கிடையாது. முதல் நாளே ஒரு தாளில் படம் வரைந்து சொல்லிவைத்தால் கல்லாறில் அவனே காத்திருந்து கவனிப்பான்.

அப்புறம் சத்தம். எஞ்சின் சத்தத்தைவிட எனக்குக் கவலை வேறு. இந்தப் பாதையில் 16 சுரங்கங்கள், ஒவ்வொன்றிலும் இருட்டு வந்தவுடன் பெட்டி முழுக்க ஊளையிடுவார்கள். விளையாட்டுதான், ஆனால் முன்னறிவிப்பில்லாமல் இருட்டில் ஐம்பது பேர் கத்தினால் காது கூசுகிற குழந்தை ஆடிப்போய்விடும். சத்தம் குறைக்கக் காதை மூடும் இயர்மஃப் ஒன்று வாங்கி வீட்டிலேயே போட்டுப் பழக்குங்கள். சுரங்கங்களை எண்ணும் வேலையை அவனிடமே கொடுத்துவிடுங்கள், அடுத்தது வரப்போகிறது என்று தெரிந்தால் அவன் தயாராகிவிடுவான். விசில் அடிக்கும்போது எஞ்சின் பக்கத்தில் நிற்பது மட்டும் வேண்டாம், கொஞ்சம் தள்ளி நின்றாலும் நன்றாகத் தெரியும்.

இப்போது முக்கியமான விஷயம், குன்னூரில் இறங்கிவிடுங்கள். நீராவி எஞ்சின் குன்னூர் வரைதான், அதற்கு மேல் ஊட்டிக்கு டீசல் எஞ்சின் மாட்டுவார்கள். மேட்டுப்பாளையம் டிக்கெட் கிடைக்காதவர்கள் குன்னூர்–ஊட்டி ரயிலில் ஏறி "எல்லாம் ஒரே ரயில்தான்" என்று சமாளிப்பதுண்டு, உங்கள் பையன் நடைமேடையிலேயே கண்டுபிடித்துவிடுவான், அந்த ஏமாற்றத்தைத் தேற்றுவது கஷ்டம். இறங்கியதும் நீராவி எஞ்சின் கழன்று போவதையும் டீசல் வந்து சேருவதையும் பார்க்கட்டும். எஞ்சின்களைப் பராமரிக்கிற ஷெட் குன்னூரில்தான் இருக்கிறது. உள்ளே விடுவார்கள் என்று வாக்குக் கொடுத்துவிடாதீர்கள், வெளியிலிருந்தே பார்க்கக் கிடைப்பது போதும்.

குன்னூரில் இரண்டு இரவு தங்குங்கள், ஊட்டியில் வேண்டாம். இரண்டாம் நாள் காலை முழுக்க மகளுக்கு. சிம்ஸ் பூங்காவோ தேயிலைத் தோட்டமோ, அவள் கேட்கிற இடம், அந்த நேரத்தில் தம்பியின் ரயில் பேச்சு நிகழ்ச்சியில் இல்லை என்று முன்கூட்டியே இருவரிடமும் சொல்லிவிடுங்கள். மாலை மூன்று மணி வாக்கில் ஊட்டியிலிருந்து வருகிற ரயிலுக்கு நீராவி எஞ்சின் மாட்டுவார்கள், பிளாட்பார டிக்கெட் எடுத்துக்கொண்டு அதைப் பாருங்கள். இறங்கும்போது பள்ளத்துப் பக்கம் முன்னால் வருவதால், இந்த முறை அவன் படங்களில் பார்த்த மாதிரி எஞ்சின் முன்னே நிற்கும்! மூன்றாம் நாள் அதே ரயிலில் கீழே இறங்க டிக்கெட் கிடைத்தால் எடுங்கள், கிடைக்காவிட்டால் பஸ்ஸில் இறங்கினாலும் அவன் குறைபட மாட்டான், பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட்டான். வளைவுகளில் எட்டிப் பார்க்கும் ஆசை வரும், பெட்டிக்கு வெளியே கையும் தலையும் நீட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

டிக்கெட் 60 நாளைக்கு முன்னால் திறக்கும், மேயில் சீக்கிரமே தீர்ந்துவிடும், அதனால் ரயில் தேதி கிடைத்த பிறகு தங்குமிடம் பிடியுங்கள், மாற்றிச் செய்யாதீர்கள். மேட்டுப்பாளையம்–குன்னூர் மட்டும் போடலாம். மழைக்காலத்தில் மண்சரிவால் ரயில் நிற்கும், அக்டோபர் முதல் டிசம்பர் வரை இந்த யோசனையே வேண்டாம், மேயிலும் கோடை மழை பெய்து ரத்தாகலாம். அப்படி ஆனால் என்ன செய்வோம் என்பதை அவனிடம் இப்போதே பேசிவையுங்கள். மேட்டுப்பாளையம் நிலையத்தில் சின்ன ரயில் அருங்காட்சியகம் உண்டு, அங்கே போய்விட்டுப் பஸ்ஸில் குன்னூர் ஏறி ஷெட் பக்கம் போகலாம் என்று நாங்கள் வைத்திருந்தோம். அந்த இரண்டாவது திட்டத்தையும் என் மகளே ஒரு தாளில் எழுதி என் பையில் போட்டிருந்தாள்.