மணிக்கணக்கு வாடகை: 20 நிமிடம் எங்கே போனது?

கேள்வி: பாப்பாரப்பட்டிப் பக்கம் இருக்கும் எங்கள் தோப்பிலிருந்து கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலைக்குக் குட்டியானையில் பெங்களூரா மாங்காய் அனுப்பினேன். மீட்டர்படி ஒருவழி 60 கி.மீ. வண்டி ஓடும் நேரத்துக்கு மட்டும் மணிக்கு 450 ரூபாய் என்று பேச்சு. லோடோடு போகும்போது 30, காலியாகத் திரும்பும்போது 60 வேகம் என்றார் டிரைவர். சராசரி 45 என்றால் 120 கி.மீ.க்கு 2 மணி 40 நிமிடம்தானே வரும்? 3 மணி நேரம் என்று 1,350 ரூபாய் வாங்கிவிட்டார். 150 ரூபாயைத் திருப்பிக் கேட்கலாமா?

பதில்: கேட்க வேண்டாம், அவர் கணக்கு சரி. 60 கி.மீ.யை 30 வேகத்தில் கடக்க 2 மணி நேரம், 60 வேகத்தில் திரும்ப 1 மணி நேரம். ஆக 3 மணி நேரம். 120ஐ 3 ஆல் வகுத்தால் சராசரி வேகம் 40.

30ஐயும் 60ஐயும் கூட்டி இரண்டால் வகுக்கும்போது, வண்டி இரண்டு வேகத்திலும் சம நேரம் ஓடியதாக ஆகிவிடுகிறது. இங்கே சமமாக இருப்பது தூரம்தான். வண்டி 2 மணி நேரம் 30இலும், 1 மணி நேரம் மட்டுமே 60இலும் ஓடியிருக்கிறது. மணிக்கு மணி எழுதிப் பாருங்கள்: 30, 30, 60. கூட்டினால் 120, மூன்றால் வகுத்தால் அதே 40. மெதுவாகப் போகும் பகுதி அதிக நேரத்தை எடுத்துக்கொள்வதால் சராசரியும் அந்தப் பக்கமே சாயும். போகவும் வரவும் ஒரே வேகமாக இருந்தால் மட்டுமே இந்த வித்தியாசம் வராது.

இதே காரணத்தால் இன்னொரு வாக்குறுதியையும் நம்பாதீர்கள். “போகும்போது 30இல் போனாலும், வரும்போது விரட்டி சராசரியை 60க்குக் கொண்டுவந்துவிடுகிறேன்” என்று யாராவது சொன்னால், அது நடக்காது. 120 கி.மீ.க்கு 60 சராசரி வேண்டுமானால் மொத்தம் 2 மணி நேரத்தில் முடிய வேண்டும். அந்த 2 மணி நேரமும் ஆலைக்குப் போய்ச் சேரும்போதே தீர்ந்துவிடும்.

அடுத்த முறை வண்டி பேசும்போது சராசரி வேகத்தைக் கேட்காதீர்கள். லோடோடு எத்தனை மணி நேரம், காலியாக எத்தனை மணி நேரம் என்று தனித்தனியாகக் கேட்டு, இரண்டையும் கூட்டிக்கொள்ளுங்கள். ஆலை வாசலில் வரிசையில் நிற்கும் நேரத்துக்கு வாடகை உண்டா என்பதையும் முன்பே பேசிவிடுங்கள். சீசனில் பணம் அதிகம் போவது அங்கேதான். ஒரு மணி நேரம் நின்றாலே பயணம் 4 மணி நேரமாகி, மொத்தச் சராசரி 30க்கு இறங்கிவிடும். தோப்பை விட்டுக் கிளம்பிய நேரத்தைக் குறித்து வைத்து, எடைமேடைச் சீட்டில் அச்சாகும் நேரத்தோடு ஒப்பிட்டால், ஓடியது எவ்வளவு, நின்றது எவ்வளவு என்று பெரும்பாலும் பிடிபட்டுவிடும்.