பழைய வீட்டுப் படத்தில் புதுப் பெயிண்ட், புதுக் கேட்: கேள்வி பதில்

நான் மயிலாடுதுறைப் பக்கம் ஸ்டுடியோவில் வேலை பார்க்கிறேன் அண்ணே. பச்சைச் சுண்ணாம்பு அடித்த சுவர். போட்டோஷாப்பில் செங்கல் நிறத்தை Multiply-இல் வைத்தால் சேறு பூசின மாதிரி வருகிறது.

Multiply இருட்டாக்க மட்டுந்தான் செய்யும் தம்பி. அடியில் இருக்கிற பச்சையும் மேலே போடுகிற சிவப்பும் ஒன்றையொன்று தின்றுவிடும். முதலில் அந்தச் சுவரை வெள்ளைச் சுவராக மாற்ற வேண்டும்.

சுவரை மட்டும் தேர்ந்தெடுத்து மாஸ்க் போடு. ஜன்னல், கதவு, திண்ணைத் தூண் எல்லாம் வெளியே நிற்கட்டும். Hue/Saturation-இல் Saturation-ஐ -100 ஆக்கினால் பச்சை போய்ச் சாம்பல் வரும். பிறகு Levels-இல் வெள்ளை முனையை இடப்பக்கம் நகர்த்து. வெயில் படுகிற இடம் 240 வரை ஏறினால் போதும். 255-ஐத் தொட்டால் பூச்சின் சொரசொரப்பு அழிந்து, சுவர் அட்டை மாதிரி ஆகிவிடும்.

அதன் மேல் செங்கல் நிறத்தை Multiply-இல் வை. கணக்கு எளிது. செங்கல் நிறத்தின் சிவப்பு அளவு 220 என்று வை. அடிச்சுவர் 150 ஆக இருந்தால் 150×220÷255, அதாவது 129தான் கிடைக்கும். 240 ஆக்கிய பிறகு 207 வரும். சன்ஷேடு நிழலும் தென்னை நிழலும் அப்படியே தங்கும்.

Color மோடில் போட்டாலே நிறம் மாறுகிறதே சார்? எதற்கு இவ்வளவு சுற்று?

மாறும், ஆனால் பாதிதான். Color மோடு பழைய சுவரின் வெளிச்ச அளவைத் தொடாது. வெளிர்நீலத்தை வெளிர்மஞ்சளாக்க அது போதும், நானும் அவசரத்துக்கு அதையே செய்வேன். வெள்ளைச் சுவரில் கருஞ்சிவப்பு போட்டுப் பாருங்கள், வெளிறிய ரோஸ்தான் வரும்.

எங்கள் வீடு திருவாரூரில். சுவரின் அடியில் உப்பு பூத்து உதிர்கிறது. எந்தப் பெயிண்ட் அடிக்கலாம்?

அது கொத்தனாரிடம் கேட்க வேண்டியது அக்கா. ஈரம் எங்கிருந்து ஏறுகிறது என்று பார்க்காமல் எந்தப் பெயிண்டும் நிற்காது. உங்கள் கேள்வியால் ஒன்று நினைவுக்கு வந்தது: Multiply போட்டால் அந்த ஊறல் கறையும் புது நிறத்துக்குள் தெரியும். அதை அழித்துக் கொடுப்பதா, விட்டுவிடுவதா என்பதில் எங்கள் தொழிலில் ஒருமித்த பேச்சு இல்லை. நான் விட்டுவிடுவேன். அழித்த படத்தைப் பார்க்கிறவர் பூச்சு வேலைக்குப் பணம் ஒதுக்க மறந்துவிடுகிறார்.

இரண்டு தூணுக்கு நடுவே 5 அடி உயரக் கேட் வைத்துக் காட்ட வேண்டும். வீட்டு வாசற்கதவு 7 அடி, அதை வைத்து அளவெடுத்தேன். கேட் பொம்மை மாதிரி இருக்கிறது. நான் கும்பகோணத்தில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறேன்.

கதவு பின்னால் இருக்கிறது, கேட் உங்களுக்குப் பக்கத்தில் நிற்கிறது. அதே அளவுகோல் இங்கே செல்லாது. கண்மட்டக் கோட்டைப் பிடியுங்கள். சன்ஷேடு விளிம்பையும் அதே சுவரின் திண்ணை விளிம்பையும் நீட்டினால் இரண்டும் ஓரிடத்தில் சந்திக்கும். அதன் வழியே கிடைமட்டமாக ஒரு கோடு. கேமரா நின்ற உயரம் அதுதான். போனை மேல்நோக்கிச் சாய்க்காமல் எடுத்த படமாக இருக்க வேண்டும்.

தூணடியிலிருந்து அந்தக் கோடு வரை 400 பிக்சல் என்று வையுங்கள். போனை 5 அடி உயரத்தில் பிடித்திருந்தால் அடிக்கு 80 பிக்சல். கேட்டின் தலை கோட்டைத் தொடும். ஆனால் நம் பக்கம் சாலையை மேலே மேலே போட்டு வாசல் பள்ளமாகிக் கிடக்கிறதே! சாலை 1 அடி உயரம் என்றால் தூணடியிலிருந்து கேமரா 6 அடி. அப்போது அடிக்கு சுமார் 67 பிக்சல். 5 அடிக் கேட் 333 பிக்சல்தான். இதை விட்டால் கேட் பெரிதாகிவிடும். அகலத்துக்குக் கணக்கு வேண்டாம், Distort-இல் நான்கு மூலையையும் தூணில் பொருத்தினால் சாய்வும் சேர்ந்து வரும்.

பொருத்திவிட்டேன். இன்னும் ஒட்டு வேலையாகத்தான் தெரிகிறது.

கம்பிகளுக்கு இடையே பழைய படத்தின் வெள்ளை மிச்சம் இருக்கிறதா என்று பெரிதாக்கிப் பாருங்கள். இடைவெளியில் உங்கள் வாசல்தான் தெரிய வேண்டும். அடுத்தது நிழல். கேட்டை நகலெடுத்துக் கறுப்பாக்கி, தூணின் நிழல் விழுகிற திசையிலேயே தரையில் சாய்த்து Multiply-இல் வையுங்கள். கம்பியடியில் கூர்மையாகவும் தள்ளிப் போகப் போக மங்கலாகவும் இருக்கட்டும். கறுப்புக் கேட்டும் வெயிலில் முழுக் கறுப்பாக இராது, கொஞ்சம் வெளுக்க விடுங்கள்.

போனில் ஒரு நிறம், பிரிண்டில் ஒரு நிறம். வீட்டுக்காரர் எதை நம்புவது?

இரண்டையும் முழுதாக நம்ப வேண்டாம். சாயங்கால வெயிலில் எடுத்த படம் எல்லா நிறத்தையும் மஞ்சளாக்கும், அதனால் மேகமூட்டமான காலையில் எடுக்கச் சொல்வேன். எந்த நிறம் வேண்டாம் என்று கழிக்கப் படம் நன்றாக உதவும். மிஞ்சுகிற இரண்டு நிறத்தைச் சின்ன டப்பா வாங்கிச் சுவரிலேயே இரண்டடிச் சதுரமாகப் பூசி, காலையும் மாலையும் பார்க்கச் சொல்லுங்கள்.