நேற்று என்பது ஒரு 'ட்' தான்

"யாழ்ப்பாணத்தில் ஒரு பண்டகசாலையை மூன்று ஆண்டுகள் நிர்வகித்துவிட்டு விலகினேன். அண்மையில் கொழும்பு நிறுவனமொன்றுக்குத் தொலைபேசியில் ஆங்கில நேர்முகம். 'ஐ மனேஜ்ட் எ ஸ்டோர்' என்றுதான் சொன்னேன். 'இன்னும் அங்கேதான் வேலை செய்கிறீர்களா?' என்று இரண்டு முறை கேட்டார்கள். என் இலக்கணம் பிழையா?"
— வாசகி, கோண்டாவில்

இலக்கணம் சரிதான், தங்கச்சி. 'மனேஜ்ட்' என்று நினைத்து, 'மனேஜ்' என்று சொல்லியிருப்பீர்கள். அந்த ஒரு 'ட்' விழுந்ததும், இன்றும் செய்கிற வேலையாக அது கேட்டிருக்கும்.

தமிழ்ச் சொல் வல்லின மெய்யில் முடிவதில்லை; நாட்டு, பத்து என்று ஓர் உகரம் துணைக்கு வரும். ஆனால் 'பார்த்தேன்' என்பதைச் சொல்லிப் பாருங்கள். 'ர்த்த்' என்று மூன்று மெய்கள் அடுக்கி வந்தும் நாக்கு தடுமாறுவதில்லை, பின்னால் 'ஏன்' இருக்கிறது. நம் கடந்தகாலம் சொல்லின் நடுவில் பத்திரமாக இருக்கிறது. ஆங்கிலத்தில் அது வெளி விளிம்பில் நிற்கிறது. 'வென்ட்', 'சோ' போன்ற சொற்களில் உயிரொலியும் மாறுவதால் ஆபத்துக் குறைவு. 'ட்' மட்டுமே காலத்தைக் காட்டும் சொற்களில்தான் பொருள் மங்குகிறது.

ஆகவே அந்த 'ட்'டுக்கு ஓர் உயிரெழுத்தைக் கடன் வாங்கிக் கொடுங்கள். 'மனேஜ்ட் – எ – ஸ்டோர்' என்று பிரிக்காமல், 'மனேஜ் – டெ ஸ்டோர்' என்று சொல்லுங்கள். 'வேர்க்ட் இன்' என்பது 'வேர்க் – டின்' ஆகும். ஆங்கிலேயரும் இப்படித்தான் சேர்த்துப் பேசுகிறார்கள்.

அடுத்த சொல் மெய்யில் தொடங்கினால் அவர்களே அந்த ஒலியை அமுக்கிவிடுவதுண்டு. அங்கே மல்லுக்கட்டாமல், காலத்தைக் காட்டும் சொல்லை முன்னால் வையுங்கள்: 'அன்டில் லாஸ்ட் யியர், ஐ மனேஜ்ட் த ஸ்டோர்.' மூன்று மெய் அடுக்கும் 'ஆஸ்க்ட்' போன்ற சொல்லில் நடுவில் உள்ள 'க்' போகட்டும். 'ஆஸ்ட்' என்றாலே விளங்கும். கடைசி ஒலியைத்தான் விடக்கூடாது.

திருத்தப்போய் 'வேர்க்டு' என்றோ 'வேர்க்கெட்' என்றோ சொல்லிவிடாதீர்கள். கூடுதல் அசை 'வோன்டட்', 'நீடட்' போல வினை t அல்லது d ஒலியில் முடியும்போது மட்டுமே வரும்.

'ஐ' என்று தொடங்கும் பத்து வாக்கியங்களை, நேற்று, இன்று போன்ற சொல் எதுவும் இல்லாமல் எழுதுங்கள். பாதி நிகழ்காலம், பாதி கடந்தகாலம். அவற்றைத் தொலைபேசியில் பதிவு செய்து, தாளைப் பார்க்காத ஒருவரிடம் கொடுத்து எந்தக் காலமென்று குறிக்கச் சொல்லுங்கள். அவர் தவறாகக் குறித்தவற்றில், வினைக்குப் பின்னே மெய்யொலி வந்தவை எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். உங்கள் பயிற்சி அங்கே தொடங்கட்டும்.