மொட்டை மாடி வெப்பக் கணக்கு: சமன்பாட்டில் பிழையில்லை, விளிம்பில்தான்

கேள்வி: 15 செ.மீ. கான்கிரீட் கூரைக்குள் வெப்பநிலை எப்படி மாறுகிறது என்று பார்க்க ஒரு நிரல் எழுதினேன். வெப்பக் கடத்தல் சமன்பாட்டைப் பாடப்புத்தகத்தில் இருந்தபடியே எடுத்துக்கொண்டேன். மேல்பரப்புக்கு வெளிக்காற்றின் வெப்பநிலையையும் அடிப்பரப்புக்கு அறைக்காற்றின் வெப்பநிலையையும் கொடுத்தேன். மதியம் ஒரு மணிக்கு நிரல் மேலே 38 டிகிரி காட்டுகிறது, அளந்தால் 56. வெயிலையும் சமன்பாட்டில் சேர்க்க வேண்டுமா? இந்தச் சமன்பாடுதான் எங்கிருந்து வருகிறது?

பதில்: வெயிலைச் சமன்பாட்டுக்குள் சேர்க்காதீர்கள். அதன் இடம் மேல்பரப்பில்தான். ஏன் என்பது, சமன்பாடு எப்படிப் பிறக்கிறது என்று பார்த்தாலே தெரிந்துவிடும்.

கூரையில் ஒரு சதுர மீட்டரை எடுத்துக்கொள்வோம். மேல்பரப்பு x = 0. கீழே போகப் போக x கூடுகிறது; அடிப்பரப்பு x = L = 0.15 மீ. உள்ளே எங்கோ ஓரிடத்தில் Δx தடிமனில் ஒரு மெல்லிய சீவலை மனதில் வெட்டுங்கள். அதன் மேல்முகம் வழியாக ஒரு விநாடிக்கு q(x) ஜூல் உள்ளே வருகிறது, கீழ்முகம் வழியாக q(x+Δx) வெளியே போகிறது. வந்ததில் போனது போக மீதி சீவலுக்குள்ளேயே தங்கி அதைச் சூடாக்குகிறது. வீட்டு வரவு செலவுக் கணக்கு மாதிரிதான்:

```
q(x) − q(x+Δx) = ρ c Δx ∂T/∂t
```

ρ என்பது அடர்த்தி, c தன்வெப்பம். இரு பக்கமும் Δx ஆல் வகுத்து, சீவலை மெலிதாக்கிக்கொண்டே போனால் இடப்பக்கம் −∂q/∂x ஆகிவிடும். இதுவரை சொன்னது ஆற்றல் அழியாது என்பதை மட்டும்தான். கான்கிரீட்டுக்கும் செம்புக்கும் இது பொது. பொருளின் குணம் ஃபூரியர் விதி வழியாக வருகிறது: q = −k ∂T/∂x. அதை உள்ளே போட்டால்

```
ρ c ∂T/∂t = ∂/∂x ( k ∂T/∂x )
```

k எங்கும் ஒன்றே என்றால் அதை வெளியே எடுத்து, α = k/(ρc) என்று எழுதலாம். கான்கிரீட்டின் மேல் சுண்ணாம்புத் தளமும் ஓடும் இருந்தால் எடுக்கக் கூடாது. அடுக்குகள் சந்திக்கும் இடத்தில் வெப்பநிலையும் வெப்ப ஓட்டமும் தொடர்ச்சியாக இருக்கும். ∂T/∂x மட்டும் அங்கே சட்டென்று மாறும்.

சீவலுக்குள் வெப்பம் பிறந்தால்தான் இந்தச் சமன்பாட்டில் இன்னொரு உறுப்பு சேரும். புதிதாக ஊற்றிய கான்கிரீட்டில் சிமென்ட் இறுகும்போது வரும் சூடு அப்படிப்பட்டது. வெயில் அப்படியல்ல. கான்கிரீட் ஒளி ஊடுருவாத பொருள், அதனால் வெயில் மேல்தோலிலேயே உறிஞ்சப்பட்டுவிடுகிறது. ஐந்து செ.மீ. ஆழத்தில் உள்ள சீவலுக்கு வெயில் என்று ஒன்று இருப்பதே தெரியாது. மேலேயுள்ள சீவல் கடத்தித் தருவது மட்டும்தான் அதன் வரவு.

சரி, மேல்தோலுக்கு வருவோம். பாடப்புத்தகங்கள் எல்லை நிபந்தனைகளை மூன்று வகையாகப் பிரித்துப் பட்டியல் போடுவதால், அவை வானத்திலிருந்து விழுந்தவை போல ஒரு மயக்கம் வருகிறது. உண்மையில் அவையும் அதே வரவு செலவுக் கணக்குதான், மேற்பரப்பை ஒட்டிய சீவலுக்கு எழுதியது. அந்தச் சீவலைப் பூஜ்யம் தடிமனுக்குக் கொண்டுபோனால் அதில் எதுவும் தங்க இடமில்லை. ஆகவே வந்ததெல்லாம் அப்படியே கீழே போக வேண்டும்:

```
x = 0:  −k ∂T/∂x = a G − R + ho (Ta − T)
x = L:  −k ∂T/∂x = hi (T − Ti)
```

G வெயிலின் அளவு, a அதில் மேல்பரப்பு உறிஞ்சும் பங்கு, R குளிர்ந்த வானத்தை நோக்கிக் கூடுதலாகக் கதிர்வீசி இழப்பது. ho, hi இரண்டும் வெளியேயும் உள்ளேயும் காற்று வெப்பத்தைக் கொண்டுபோகும் வேகம். Ta, Ti வெளிக்காற்றும் அறைக்காற்றும். அடைப்புக்குறிக்குள் வரிசை மாறியிருப்பதைக் கவனியுங்கள்: மேலே காற்றிலிருந்து கூரைக்கு, கீழே கூரையிலிருந்து அறைக்கு. இரண்டு பக்கமும் ஒரே குறியைப் போட்டுவிடுவதுதான் நான் அதிகம் பார்க்கும் பிழை. அடையாளம் எளிது: ஒரு பரப்பு தன்னைவிடக் குளிர்ந்த காற்றிலிருந்தே வெப்பத்தை வாங்கும், எண்கள் நம்ப முடியாத அளவுக்கு ஏறும்.

மேலேயுள்ள மூன்று உறுப்புகளையும் ஒன்றாகச் சுருட்டி Tsa = Ta + (aG − R)/ho என்று எழுதலாம். வெயிலையும் உள்ளடக்கிய ஒரு கற்பனைக் காற்று வெப்பநிலை இது. கட்டடத் துறையில் சோல்-ஏர் வெப்பநிலை என்பார்கள். உங்கள் மதியத்துக்கு Ta = 38, G = 900 W/m², பழைய கான்கிரீட்டுக்கு a = 0.65, R = 60 W/m², ho = 20 W/m²K என்று வைத்தால் Tsa சுமார் 64 டிகிரி. உங்கள் நிரலில் காணாமல் போனது இந்த 26 டிகிரிதான்.

மேல்பரப்பை நேராக 64 என்று பூட்டிவிடலாமா? கூடாது. பரப்பை ஒரு வெப்பநிலையில் பூட்டலாமா என்பதை hL/k என்ற பயோட் எண் சொல்லும். கான்கிரீட்டுக்கு k = 1.5 W/mK என்று கொண்டால் மேலே 20 × 0.15 / 1.5 = 2, கீழே hi = 6 வைத்தால் 0.6. இது நூறை நெருங்கினால் பூட்டலாம். மாடியில் தாராளமாகத் தண்ணீர் ஓடவிட்டால் கிட்டத்தட்ட அந்த நிலை. 0.1-க்குக் கீழே போனால் கூரை முழுவதும் ஒரே சூடு என்று வைத்துக்கொண்டு சமன்பாட்டையே விட்டுவிடலாம். உங்கள் கூரை இரண்டிலும் சேராதது.

நிரலைத் தொடும் முன் கையால் ஒருமுறை பாருங்கள். மதிய நிலை அப்படியே நீடித்தால், தடைகளின் கூட்டல் 1/20 + 0.15/1.5 + 1/6 = 0.317. அறை 32 டிகிரி என்றால் ஓட்டம் 32/0.317, அதாவது சுமார் 101 W/m². மேல்பரப்பு 64 − 101/20 = 59 டிகிரி, அடிப்பரப்பு 49. மதியம் ஒரு மணிக்குக் கூரை இன்னும் சூட்டை உள்ளிழுத்துக்கொண்டுதான் இருக்கும். அதனால் நிஜத்தில் இரண்டும் இதைவிடக் குறைவாக இருக்க வேண்டும். நீங்கள் அளந்த 56 நம்பும்படியாகவே இருக்கிறது. அப்புறம், அடிப்பரப்பை 32-இல் பூட்டியதால் உங்கள் நிரலில் கூரையின் அடி ஒருநாளும் சுடாது. மின்விசிறிக்குக் கீழே படுத்தவர் யாரும் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்.

நிரலில் மேல்முனைக்கு அரைச் சீவல் கணக்கை எழுதுங்கள்:

```
T0n = T[0] + 2*dt/(rho*c*dx) * (ho*(Tsa - T[0]) + k*(T[1] - T[0])/dx)
```

அடிமுனைக்கும் இதேபோல், அங்கே ho, Tsa இருக்கும் இடத்தில் hi, Ti. தடிமனைப் பத்தாகப் பிரித்தால் dx = 0.015 மீ. ρ = 2400, c = 900 என்றால், உட்புள்ளிகள் 162 விநாடி வரை தாங்கும், மேல்முனை 135 வரைதான். 120 வையுங்கள். தாண்டினால் மேல்முனையில் வெப்பநிலை ஏறியும் இறங்கியும் ரம்பப் பல்போல வரும்.

தொடக்கத்தில் கூரை முழுவதும் 30 டிகிரி என்பது வெறும் ஊகம். இந்தக் கூரை அதை மறக்க ஏறக்குறைய ஒரு நாள் எடுக்கும். மூன்று நாள் ஓடவிட்டு மூன்றாம் நாளை மட்டும் அளவீட்டோடு ஒப்பிடுங்கள். அளக்கும்போது கைப்பிடிச் சுவரிலிருந்தும் உத்தரத்திலிருந்தும் அரை மீட்டராவது தள்ளி நில்லுங்கள். அவற்றின் அருகே வெப்பம் பக்கவாட்டிலும் போகும், ஒற்றைப் பரிமாணக் கணக்கு அங்கே பொருந்தாது. அந்த மூன்றாம் நாளில் மேலே உள்ளே வந்த மொத்த ஜூலும் கீழே வெளியேறிய மொத்த ஜூலும் ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் முனைக்கோடுகளில் ஒன்றில் குறி புரண்டிருக்கிறதா என்று பாருங்கள்.