சொட்டுநீர் வால்வு காப்புரிமைச் சுருக்கம்: கலைச்சொல் ஒத்துப்போக

“ஆங்கில மூலத்தில் உள்ள டயாஃப்ரம் என் தமிழ்ச் சுருக்கத்தில் சவ்வு, கோரிக்கையில் படலம். சேம்பர், கேவிட்டி இரண்டுமே அறை ஆகிவிட்டன. எப்படிச் சரிசெய்வது?”

சுருக்கத்தை அப்படியே வைத்துவிட்டு, எதற்கு உரிமை கேட்கிறோம் என்று சொல்லும் கோரிக்கைகளில் முதலாவதை முதலில் தமிழாக்குங்கள். அதில் முடிவான சொற்களை மட்டும் சுருக்கத்துக்குக் கொண்டுவாருங்கள். ஒரே சொல் திரும்பத் திரும்ப வந்தால் நம் கை தானாக வேறு சொல்லைத் தேடும். குழப்பம் பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும். காப்புரிமையில் சொல் மாறினால் உறுப்பே வேறு என்று படிப்பார்கள்.

சரிபார்க்க, வரைபடத்தில் ஒவ்வோர் உறுப்புக்கும் தந்திருக்கும் எண்ணை வைத்துத் தேடுங்கள். ‘சவ்வு’ என்று தேடினால் ‘சவ்வை (12)’ சிக்காது. 12 என்று தேடினால் எல்லாம் சிக்கும். ஒவ்வோர் எண்ணுக்கும் முன்னால் உள்ள பெயரை வரிசையாக எழுதிப் பாருங்கள். 12-க்கு எங்கும் சவ்வுதான். 14 அறை என்றால் 16 உட்குழி. இரண்டும் அறையாக இருக்கக் கூடாது. முதல் முறை ‘ஒரு சவ்வு (12)’, அப்புறம் ‘அந்தச் சவ்வு (12)’.

எண்ணால் பிடிபடாதது ஒன்று உண்டு. மூலத்தில் கம்ப்ரைசிங் என்றால் ‘உள்ளடக்கியது’ என்று எழுதுங்கள், வேறு உறுப்பும் சேரலாம் என்று பொருள். கன்சிஸ்டிங் ஆஃப் என்றால்தான் ‘மட்டுமே கொண்டது’. சுருக்கத்தில் தவறி ஒரு ‘மட்டும்’ விழுந்தாலும் கோரிக்கையோடு முரண்படும்.

ஒன்று கவனியுங்கள்: இந்தியக் காப்புரிமை அலுவலகம் ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் விண்ணப்பத்தை ஏற்கும். தமிழ்ப் பிரதி வாசிப்புக்குத்தான். உரிமையின் எல்லையைத் தீர்மானிப்பவை மூலக் கோரிக்கைகளே.