ரீஹீட் எதுக்கு, 1.5% ஏறத்தானா?

"100 பார், 500 டிகிரி நீராவி, கண்டன்சர் 0.1 பார். ரீஹீட் போட்டும் எஃபிஷியன்சி 40.2ல இருந்து 41.7 தான். இதுக்கா பாய்லருக்குத் திரும்பவும் பைப் போடுறாங்க?"

கணக்கு சரிதான் ப்ரோ, ஆனா டர்பைன் வெளியேறும் இடத்துல ஈரம் எவ்ளோன்னு பாத்தீங்களா? ரீஹீட் இல்லாம 100 பார்ல இருந்து நேரா 0.1க்கு விரிய விட்டா உலர்வு 0.79 தான் வரும், அதாவது 21% தண்ணி. கடைசி ஸ்டேஜ் பிளேடோட நுனி ஒலியை விட வேகமா சுத்தும், அதுல இந்தத் துளிங்க மோதி மோதி முன் விளிம்பை அரிச்சிடும், ஓவர்ஹால்ல திறந்தா நுனிப்பக்கம் ரம்பம் மாதிரி தெரியும். பொதுவா 10-12% ஈரத்துக்கு மேல விடமாட்டாங்க.

இப்போ 20 பார்ல நிறுத்துங்க, நீராவி 262 டிகிரிக்கு வந்திருக்கும், அதை மறுபடி 500க்கு ஏத்தி விட்டா கடைசில ஈரம் 9.5% தான்.

அந்த 1.5 எங்கிருந்து வருதுன்னா, சாதா ராங்கின் சுழற்சில வெப்பம் சேர்ற சராசரி வெப்பநிலை 260 டிகிரி கிட்ட, ரீஹீட்ல சேர்றது முழுக்க அதுக்கு மேல. ரொம்பக் கீழ, 1 பார்ல ரீஹீட் பண்ணா 100 டிகிரில இருந்தே சூடாக்கணும், சராசரி இறங்கி எஃபிஷியன்சியும் குறையும்.