அட்டவணை மட்டும் இருந்தால் ஒரு புள்ளியில் வளர்ச்சி வீதம் எவ்வளவு?

கேள்வி: "அடுக்குக்குறி வளைவின் சமன்பாடு தரவில்லை, மதிப்புகளின் அட்டவணை மட்டும் இருக்கிறது. நடுவில் உள்ள ஒரு புள்ளியில் அந்தக் கணத்தின் வளர்ச்சி வீதத்தை எப்படி மதிப்பிடுவது? முன்னால் உள்ள மதிப்பை வைத்தால் ஒரு விடை, பின்னால் உள்ளதை வைத்தால் வேறு விடை வருகிறது. எது சரி?"

இரண்டுமே சரியில்லை. ஆனால் உண்மையான விடை அந்த இரண்டுக்கும் நடுவில்தான் இருக்கிறது. பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கும்போது நான் எடுப்பது அமெரிக்க ஐக்கிய நாடுகளின் பழைய மக்கள்தொகைக் கணக்கு. பத்தாண்டுக்கு ஒரு முறை எண்ணியிருக்கிறார்கள். நிஜமான எண்கள் என்பதால், பாடப்புத்தகக் கணக்கில் கண்ணில் படாத சிக்கல்களும் இதில் தெரியவரும்.

```
ஆண்டு   மக்கள்தொகை (லட்சத்தில்)
1790     39.3
1800     53.1
1810     72.4
1820     96.4
1830    128.7
1840    170.7
1850    231.9
1860    314.4
1870    385.6
```

1830-இல் மக்கள்தொகை எந்த வேகத்தில் ஏறிக்கொண்டிருந்தது என்று பார்ப்போம். 1820-இலிருந்து 1830 வரை 32.3 லட்சம் கூடியிருக்கிறது, அதாவது ஆண்டுக்கு 3.23 லட்சம். 1830-இலிருந்து 1840 வரை 42 லட்சம், ஆண்டுக்கு 4.20 லட்சம். உங்களுக்கு வந்த இரண்டு விடைகள் இந்த வகைதான். இவை இரண்டும் நாண்களின் சாய்வுகள். வளைவு போகப்போகச் செங்குத்தாவதால், பின்னால் போகும் நாண் தொடுகோட்டைவிடப் படுத்திருக்கும், முன்னால் போகும் நாண் தொடுகோட்டைவிட நிமிர்ந்திருக்கும். அதனால் முதல் விடை எப்போதும் குறைவு, இரண்டாவது எப்போதும் அதிகம்.

சரி, இரண்டுக்கும் சராசரி எடுத்தால்? (170.7 − 96.4)/20 = 3.715 லட்சம். பெரும்பாலான வகுப்பறைகளில் இங்கேயே நிறுத்திவிடுவார்கள். நேர்க்கோட்டை ஒட்டிய வளைவு என்றால் அது போதும். அடுக்குக்குறி வளைவில் சராசரியும் கொஞ்சம் அதிகமாகவே வரும், ஏனென்றால் முன்னால் போகும் நாண் கூட்டிக்காட்டும் அளவு, பின்னால் போகும் நாண் குறைத்துக்காட்டும் அளவைவிடப் பெரியது.

எவ்வளவு அதிகம் என்பதை, விடை முன்பே தெரிந்த ஒரு கணக்கில் சோதித்துப் பாருங்கள். ஒவ்வொரு மணிக்கும் இரட்டிப்பாகும் ஒன்று 400, 800, 1600 என்று போகிறது. 800 இருக்கும் கணத்தில் பின் நாண் 400 தரும், முன் நாண் 800 தரும், சராசரி 600. உண்மையான வேகம் 800 × ln 2, அதாவது 554.5. சராசரி ஏறக்குறைய 8 சதவீதம் கூடுதலாகச் சொல்கிறது. அடுத்தடுத்த மதிப்புகளின் விகிதத்துக்கு ln எடுத்து, அதை வர்க்கப்படுத்தி 6-ஆல் வகுத்தால் இந்தக் கூடுதல் தோராயமாகக் கிடைக்கும். விகிதம் 2 என்றால் 0.48/6, அதாவது 8 சதவீதம். மக்கள்தொகை அட்டவணையில் விகிதம் சுமார் 1.33 என்பதால் கூடுதல் 1 சதவீதத்தைச் சற்றே தாண்டும். ஆகவே சராசரி போதுமா போதாதா என்பது, ஒரு படியில் மதிப்பு எத்தனை மடங்காகிறது என்பதைப் பொறுத்த விஷயம்.

இதைவிட நல்ல வழி, கழிப்பதற்கு முன்பு மடக்கை எடுப்பது. அடுக்குக்குறி வளைவுக்கு ln எடுத்தால் அது நேர்க்கோடு ஆகிவிடும். நேர்க்கோட்டில் நாணும் தொடுகோடும் ஒன்றுதான், பிழைக்கு இடமே இல்லை.

```
k = ln(170.7 / 96.4) / 20 = 0.0286
1830-இல் வேகம் = k × 128.7 = 3.68 லட்சம் / ஆண்டு
```

இரட்டிப்புக் கணக்கிலும் செய்து பாருங்கள்: ln(1600/400)/2 = 0.693, அதை 800-ஆல் பெருக்கினால் 554.5 அப்படியே வந்துவிடும்.

இங்கே இரண்டு எண்கள் இருப்பதைக் கவனியுங்கள். 0.0286 என்பது ஆண்டுக்கு, ஓர் ஆளுக்கு எவ்வளவு என்ற ஒப்பு வீதம், அதாவது 2.86 சதவீதம். 3.68 லட்சம் என்பது ஆண்டுக்கு எத்தனை பேர் என்ற வேகம். "வளர்ச்சி வீதம்" என்ற சொல்லை இரண்டுக்குமே பயன்படுத்துகிறார்கள், அதனால் கேள்வியில் கேட்ட அலகைப் பார்த்துத்தான் விடை எழுத வேண்டும். என்னிடம் வரும் பிள்ளைகள் அதிகம் செய்யும் தவறு வேறு ஒன்று: பத்தாண்டில் 33 சதவீதம் கூடியது, ஆக ஆண்டுக்கு 3.3 சதவீதம் என்று வகுத்துவிடுவார்கள். ஒவ்வொரு ஆண்டும் கூடியவர்கள் அடுத்த ஆண்டின் அடித்தளத்தில் சேர்ந்துகொள்கிறார்கள் என்பது அதில் விட்டுப்போகிறது.

இப்போது இடைவெளியை அகலமாக்குவோம். 1810-ஐயும் 1850-ஐயும் எடுத்து நேரடியாகக் கழித்து வகுத்தால் 3.99 லட்சம் வருகிறது, ரொம்ப அதிகம். மடக்கை வழியில் 3.75 லட்சம். இன்னும் அகலமாக 1790-இலிருந்து 1860 வரை எடுத்தால், 70 ஆண்டில் சரியாக 8 மடங்கு, அதாவது மூன்று இரட்டிப்பு. k 0.0297, வேகம் 3.82 லட்சம். மடக்கை வழி பிழையில்லாதது என்றேன், ஆனாலும் 3.68, 3.75, 3.82 என்று மூன்று விடைகள் வந்துவிட்டன. வழியில் குறை இல்லை. நிஜ மக்கள்தொகை மாறாத k-யோடு வளராது, எண்ணிக்கையிலும் பிழை இருக்கும். நானாக இருந்தால் இதற்கு "சுமார் 3.7 லட்சம்" என்றுதான் எழுதுவேன், 3.677 என்று எழுத மாட்டேன். அருகில் உள்ள புள்ளிகள் அந்தக் கணத்துக்கு நெருக்கமானவை, ஆனால் அவற்றில் ஒன்று தவறாக எண்ணப்பட்டிருந்தால் விடை அதோடு ஆடும். தொலைவில் உள்ள புள்ளிகளால் ஆட்டம் குறையும், ஆனால் வேறு காலத்தின் வளர்ச்சியும் சேர்ந்து கலந்துவிடும்.

ஆகவே மடக்கை எடுப்பதற்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. அடுத்தடுத்த மதிப்புகளை வகுத்துப் பாருங்கள். இந்த அட்டவணையில் 1860 வரை எல்லா விகிதங்களும் 1.33-க்கும் 1.36-க்கும் இடையில் இருக்கின்றன, அடுக்குக்குறி என்று நம்பலாம். கடைசி விகிதம் மட்டும் 1.23. நடுவில் 1861-இலிருந்து 1865 வரை உள்நாட்டுப் போர். அதோடு 1870 கணக்கெடுப்பில் தென் மாநிலங்களில் பலர் விடுபட்டுப்போனார்கள்.

இதைப் பார்க்காமல் 1860-க்கு இரு பக்கமும் எடுத்து ln(385.6/231.9)/20 என்று போட்டால் k 0.0254, வேகம் சுமார் 8.0 லட்சம். கணக்கு பார்க்கச் சுத்தமாகத்தான் இருக்கும், ஆனால் போருக்கு முந்தைய வளர்ச்சியையும் போருக்குப் பிந்தையதையும் கலந்து வந்த எண் அது. 1850-ஐயும் 1860-ஐயும் மட்டும் வைத்தால் k 0.0304, வேகம் சுமார் 9.6 லட்சம். போர் தொடங்கும் முன் இருந்த வேகத்துக்கு இதுதான் நெருக்கம். ஒரு பக்கத்துப் புள்ளிகளை மட்டும் வைத்து மடக்கை எடுப்பதில் தப்பே இல்லை, ஏனென்றால் நேர்க்கோட்டுக்கு எந்தப் பக்கத்து நாணும் ஒரே சாய்வைத்தான் தரும்.

உங்கள் அட்டவணையிலும் முதலில் விகிதங்களை எழுதிப் பாருங்கள். அவை ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் மடக்கை வழியில் போகலாம். போகப்போகக் குறைந்துகொண்டே வந்தால் அது அடுக்குக்குறி வளைவு இல்லை. அப்போது உங்கள் புள்ளிக்கு மிக அருகில் இரு பக்கமும் உள்ள மதிப்புகளை மட்டும் எடுத்து, விடையோடு எந்த இடைவெளியில் கணக்கிட்டீர்கள் என்பதையும் எழுதிவிடுங்கள்.